பாய் வந்தால் முதலில் யாருக்கு? காத்திருப்போர் பட்டியல் நடத்துவது பற்றி ஒரு விளக்கம்

பத்தமடைப் பாய் விற்கிற கடைக்காரரின் போனைத் திறந்தால் ஒரே செய்தி பல எண்களிலிருந்து வந்து கிடக்கும். "அண்ணாச்சி, அந்தச் சிவப்புக் கரை பாய் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, மறந்துராதிய." சரக்கு தீர்ந்த நேரத்தில் கேட்டு வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் இந்த ஒரு வரியிலிருந்துதான் காத்திருப்போர் பட்டியல் தொடங்குகிறது. பெரிய இணையக் கடைகளில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். தீர்ந்துபோன பொருளின் படத்துக்குக் கீழே 'வந்ததும் தெரிவியுங்கள்' என்று போட்டிருக்கும். அழுத்தி எண்ணைக் கொடுத்துவிட்டால், சரக்கு திரும்பி வரும் நாளில் நமக்குச் செய்தி வரும்.

இதுவரை சிக்கல் இல்லை. பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்தேழு பேர், வந்திருக்கும் பாய் பன்னிரண்டு என்னும்போதுதான் கேள்வி எழுகிறது. யாருக்கு முதலில் கொடுப்பது? பலர் இந்தக் கேள்வியைத் தாங்கள் முடிவு செய்யவே இல்லை என்று நினைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பிவிட்டு, யார் முதலில் பணம் போடுகிறாரோ அவருக்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுவும் ஒரு முடிவுதான். எனக்குத் தெரிந்தவரை இருப்பதிலேயே மோசமான முடிவும் அதுதான்.

பாயை ஏன் உதாரணமாக எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக் கரையில் அறுக்கும் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி, சாயம் ஏற்றி, அதன் பிறகுதான் தறிக்குக் கொண்டுபோக முடியும். சாதாரண ரகத்தைச் சீக்கிரம் நெய்துவிடலாம். துணி மாதிரி மடித்து வைக்கக்கூடிய நைஸ் ரகத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். கேட்பவர்கள் கூடிவிட்டார்கள் என்பதற்காக அடுத்த வாரம் இரண்டு மடங்கு நெய்துவிட முடியாது. அதனால் இந்தச் சரக்குக்கு எப்போதும் ஒரு காத்திருப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். தவறாக நடக்கும் பட்டியலின் கோளாறு இந்த மாதிரி பொருளில்தான் நன்றாகத் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்பினால்

காலை பதினொரு மணிக்கு நாற்பத்தேழு பேருக்கும் "பாய் வந்துவிட்டது" என்று செய்தி போகிறது. பட்டியலில் முதல் பெயர், சித்திரை மாதமே சொல்லி வைத்த ஓர் ஆசிரியை. அப்போது அவர் பாளையங்கோட்டையில் வகுப்பில் நிற்கிறார். இரண்டாவது பெயருக்குரியவர் பாபநாசத்துக்கு மேலே சிக்னல் இல்லாத இடத்தில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். நாற்பத்தாறாவது ஆள் நேற்று மாலை பெயர் கொடுத்தவர், போனைக் கையிலேயே வைத்திருக்கிறார். பதினொன்றேகாலுக்குள் பன்னிரண்டு பாயும் முடிந்துவிடுகின்றன. சாயங்காலம் ஆசிரியையிடமிருந்து வருகிறது: "என்ன அண்ணாச்சி, நான் சித்திரையிலயே சொல்லி வச்சேன்லா?"

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நிற்கிறோம் என்று நினைத்துத்தான் அவர் பெயரைக் கொடுத்தார். கடைக்காரர் நடத்தியது ஓட்டப்பந்தயம். நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடை அல்வாவுக்கு மாலையில் நிற்கிற வரிசையில் முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். நடுவில் நுழைந்தால் கேட்பதற்குப் பத்துப் பேர் இருப்பார்கள். போனில் இருக்கும் பட்டியலில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அங்கே வரிசையைக் காப்பாற்றக்கூடியவர் கடைக்காரர் ஒருவர்தான்.

வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்குத் தெரியாமலேயே நடக்கும் இன்னொரு அநியாயமும் உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பெயர் கொடுத்துவிட்டு உங்கள் எண்ணைச் சேமிக்காமல் விட்டவருக்குச் செய்தியே வராது. நீங்கள் அனுப்பிவிட்டதாக நினைப்பீர்கள், அவர் நீங்கள் மறந்துவிட்டதாக நினைப்பார். பட்டியலில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புவதே சரி. பன்னிரண்டு பேருக்குத் தனித்தனியாக அனுப்ப அரைமணி நேரம் ஆகுமா? அந்த அரைமணி நேரத்தைச் செலவழித்தே ஆக வேண்டும்.

வரிசையை வரிசையாக நடத்துவது

சரியான முறையின் அடிப்படை ஒன்றுதான். கையில் எத்தனை பாய் இருக்கிறதோ அத்தனை பேருக்கு மட்டும், பெயர் கொடுத்த வரிசைப்படி, 'இது உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறது, இந்த நேரம் வரை' என்று சொல்வது. அந்த நேரத்துக்குள் பணம் வந்தால் பாய் அவருடையது. வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 'எடுத்து வைத்திருக்கிறது' என்பதில் இருக்கிறது. வகுப்பு முடிந்து நாலரை மணிக்குப் போனைப் பார்க்கும் ஆசிரியைக்கும் அவருடைய பாய் அங்கேயே இருக்கும்.

எவ்வளவு நேரம் எடுத்து வைக்கலாம் என்பதற்குப் பொருளைத்தான் பார்க்க வேண்டும். நாள்பட வைத்தால் கெட்டுப்போகும் தின்பண்டம் என்றால் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம். பாய் நான்கு நாள் அலமாரியில் கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதனால் ஒரு முழு நாள் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஒரே ஒரு கவனம் வேண்டும். இரவு பத்து மணிக்கு அனுப்பிவிட்டுக் காலை பத்து மணிக்கு முடிகிறது என்று சொன்னால் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்ததாகத் தோன்றும். உண்மையில் அவர் விழித்திருந்த நேரம் மூன்று, நான்கு மணிதான் இருக்கும். காலையில் அனுப்பி மறுநாள் காலை வரை என்று வைத்தால் வேலைக்குப் போகிறவருக்கும் ஒரு சாயங்காலம் கிடைக்கும். "நாளைக் காலை 10 மணி வரை" என்று கடிகார நேரத்தையே எழுதுங்கள். "24 மணி நேரத்துக்குள்" என்றால் எப்போதிலிருந்து என்ற குழப்பம் வரும்.

சொந்த இணையக் கடை வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் இருப்பவர்களுக்காக எடுத்து வைத்த பாய்கள் கடைப் பக்கத்தில் 'இருப்பு உண்டு' என்று தெரியக் கூடாது. தெரிந்தால், பட்டியலிலேயே இல்லாத ஒருவர் தற்செயலாக உள்ளே வந்து வாங்கிவிட்டுப் போவார். சரக்கு வந்ததும் எண்ணிக்கையை ஏற்றிவிட்டு அதன் பிறகு செய்தி அனுப்பினால் இதுதான் நடக்கும். பட்டியல் முடிந்து மீதி இருந்தால் மட்டும் கடைப் பக்கத்தில் ஏற்றுங்கள்.

ஒரு சுற்று, கணக்கோடு

நாற்பத்தேழு பேர், பன்னிரண்டு பாய் என்ற அதே கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வேலை பட்டியலைச் சுத்தம் செய்வது. ஒரே ஆள் இரண்டு முறை பெயர் கொடுத்திருப்பார், பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை. முதலில் கொடுத்தது நினைவில்லாமல் மறுபடி கொடுத்திருப்பார். ஒரு முறை எண்ணுக்கு முன்னால் +91 இருக்கும், மறுமுறை இருக்காது, நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். கண்ணால் பார்த்தால் வேறு வேறு எண் போலத் தோன்றும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் B பத்தியில் எண்கள் இருந்தால், கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் C பத்தியில் எடுத்துவிட்டு, அது எத்தனை முறை வருகிறது என்று D பத்தியில் எண்ணலாம்.

```
C2:  =RIGHT(SUBSTITUTE(B2," ",""),10)
D2:  =COUNTIF(C:C,C2)
```

D பத்தியில் 1-க்கு மேல் வருகிறதெல்லாம் இரட்டைப் பதிவு. இரண்டில் முந்திய தேதியை வைத்துக்கொண்டு பிந்தியதை எடுத்துவிடுங்கள். வேறு வேறு எண், ஆனால் ஒரே வீட்டு முகவரி என்று இருந்தால் அதைச் சூத்திரம் காட்டாது. முகவரியை ஒரு தடவை கண்ணால்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பாய் என்று முன்பே சொல்லியிருந்தால் இதில் தகராறு வராது. நம் கணக்கில் ஆறு பதிவுகள் இரட்டை என்று வைத்துக்கொள்வோம். மீதி நாற்பத்தொன்று.

அடுத்தது கல்யாணம். நம் ஊர்ப்பக்கம் பத்தமடைப் பாய் கல்யாணச் சீர். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று கேட்பவருக்கு ஐப்பசியில் பாய் கிடைத்து என்ன பயன்? பெயர் கொடுத்த தேதியை மட்டும் பார்க்கும் வரிசை இந்த அவசரத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் 'கல்யாணம் என்றால் முன்னுரிமை' என்று மொட்டையாக அறிவித்துவிட்டால் அடுத்த சுற்றில் பட்டியல் முழுக்கக் கல்யாணமாகத்தான் இருக்கும். நான் சொல்லும் வழி, ஒரு பங்கை மட்டும் அதற்கு ஒதுக்குவது. பன்னிரண்டில் மூன்று. அந்த மூன்றுக்குள் வரிசை, முகூர்த்த நாள் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதன்படி. பத்திரிகையின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அச்சடிக்காத கல்யாணம் இங்கே அபூர்வம். எட்டுப் பேர் கல்யாணத் தேதி சொல்லியிருந்தால் மூவருக்கு இந்தப் பங்கில் கிடைக்கும். மீதி ஐந்து பேர் பொது வரிசையில் தங்கள் இடத்திலேயே இருப்பார்கள், அந்த இடத்தை அவர்கள் இழப்பதில்லை. மூன்றில் ஒன்று எடுக்கப்படாமல் நின்றால் அது பொது வரிசைக்குத் திரும்பும்.

மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கேட்பவர்களை இந்தப் பட்டியலோடு சேர்க்காதீர்கள். அந்தப் பாயை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அது முன்பணம் வாங்கிச் செய்யும் ஆர்டர், அதற்குத் தனி நோட்டு வேண்டும்.

இப்போது பொது வரிசைக்கு ஒன்பது பாய். முதல் ஒன்பது பேருக்குச் செய்தி போகிறது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்த்தால் ஐந்து பேர் பணம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் "இந்தத் தடவை வேண்டாம் அண்ணாச்சி, அடுத்ததுக்குப் பாத்துக்கிடுதேன்" என்கிறார். ஒருவர் தனக்குப் பச்சைக் கரைதான் வேண்டும், சிவப்பு வேண்டாம் என்கிறார். இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. நான்கு பாய் மீதி. பத்தாவது முதல் பதின்மூன்றாவது வரை உள்ள நான்கு பேருக்கு அடுத்த செய்தி. மூன்று பேர் எடுக்கிறார்கள், ஒருவர் பேசவில்லை. மீதியிருக்கும் ஒரு பாய்க்குப் பதினான்காவது ஆளுக்குச் செய்தி, அவர் எடுத்துக்கொள்கிறார். மூன்று, நான்கு நாளில் சுற்று முடிந்துவிட்டது.

எடுக்காமல் போனவர்களை என்ன செய்வது என்பதில் பலர் அவசரப்பட்டு எல்லாரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை. பச்சைக் கரை கேட்டவர் எதையும் மறுக்கவில்லை, அவர் கேட்ட பொருள் இன்னும் வரவில்லை என்பதுதான் நிலைமை. அவர் இடம் அப்படியே இருக்க வேண்டும். உண்மையில் பெயர் வாங்கும்போதே அளவு, நிறம், 'எதுவானாலும் சரி' என்று கேட்டு எழுதியிருந்தால் அவருக்குச் செய்தி போயிருக்கவே தேவையில்லை. இந்தத் தடவை வேண்டாம் என்று பதில் சொன்னவரும் இடத்தை வைத்துக்கொள்ளலாம், பதில் சொல்லி அடுத்தவருக்கு வழிவிட்டிருக்கிறார். பேசாமல் இருந்தவருக்கு அடுத்த சுற்றில் இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். போன் தொலைந்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம். இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால் கடைசிக்குத் தள்ளலாம்.

சிலர் கேட்பார்கள், பாதிப் பேர் எப்படியும் எடுக்கப் போவதில்லை, பன்னிரண்டு பாய்க்கு இருபது பேரிடம் சொன்னால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று. முடியும். ஆனால் பதினைந்து பேர் பணம் போட்டுவிட்டால் மூன்று பேரிடம் 'உங்களுக்கு இல்லை' என்று சொல்லிப் பணத்தைத் திருப்ப வேண்டும். எடுத்து வைத்திருக்கிறது என்ற சொல் அதோடு பொய்யாகிவிடும். கெட்டுப்போகும் பொருளுக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம். பாய்க்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை.

சீட்டுக் குலுக்க வேண்டிய இடம்

பெயர் கொடுத்த வரிசை எப்போதும் நியாயமானது இல்லை. பட்டியலை நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் திறந்தீர்கள், ஆறரைக்குள் அறுபது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே முதல் ஆளுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் இடையில் இருப்பது காத்திருப்பு இல்லை, விரல் வேகம் மட்டும். திரும்பவும் பந்தயம்தான். அந்த நிலையில் இரண்டு நாள் பட்டியலைத் திறந்து வைத்து, அதற்குள் வந்த எல்லாரையும் சமமாக எடுத்து, சீட்டுக் குலுக்குவதே முறை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பட்டியலுக்கு இது கூடாது. அங்கே குலுக்கினால் உண்மையாகவே காத்திருந்தவரின் மாதங்கள் வீணாகும்.

ஷீட்டில் குலுக்குவதற்கு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே `=RAND()` என்று போட்டு, வரும் எண்ணை வைத்து வரிசைப்படுத்துவார்கள். இதில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்த எண் நிலையாக நிற்காது. ஷீட்டில் எங்கே எதை மாற்றினாலும் எல்லா எண்களும் புதிதாக மாறும். நேற்று மூன்றாவதாக வந்தவர் இன்று முப்பதாவதாக இருப்பார், ஏன் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. எண்கள் வந்தவுடன் அந்தப் பத்தியை நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட்டு, அதன் பிறகே வரிசைப்படுத்துங்கள். ஒரே முறைதான் குலுக்க வேண்டும். தெரிந்தவர் பெயர் கீழே போய்விட்டதே என்று மறுபடி குலுக்கினால் அது குலுக்கலே இல்லை. பட்டியலில் இல்லாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

சொக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும்

நம் ஊரில் கடை நடத்துகிறவருக்கு இது தப்பாது. "நம்ம சொக்காரன் வீட்டு விசேஷம், ஒண்ணு எடுத்து வைங்க" என்று யாராவது வருவார்கள். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் நிறைய. எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், சுற்றுக்கு ஒரு பாய் கடைக்காரர் விருப்பத்துக்கு என்று முதலிலேயே பட்டியலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த ஒன்று போனதும் இரண்டாவது சொக்காரருக்குப் பதில் தயாராக இருக்கும். வரிசைக்குள் ஒருவரைச் சத்தமில்லாமல் செருகுவதுதான் கூடாதது.

பழைய வாடிக்கையாளருக்கு முன்னுரிமை கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. போன சுற்றில் வாங்கியவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பாய் இருக்கிறது. முதல் பாய்க்காக நிற்பவருக்கு முன்னால் அவரை நிறுத்த ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. முன்பணம் கட்டினால் முதலிடம் என்பதும் அப்படித்தான். கையில் பணம் உள்ளவரை முன்னால் விடுவதற்கு அது இன்னொரு பெயர்.

எங்கே நிற்கிறோம் என்று சொல்வது

காத்திருப்பவருக்குக் கொடுக்கக்கூடிய மிக நல்ல விஷயம் அவருடைய இடத்தின் எண். "உங்களுக்கு முன்னால் 15 பேர் இருக்கிறார்கள், மாதம் சுமார் 6 பாய் வருகிறது" என்று சொல்லிவிட்டால் இரண்டரை மாதம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். மழைக்காலத்தில் கோரையும் சாயமும் காய்வது தாமதமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவ்வளவு நாள் முடியாது என்றால் வேறு ரகம் பார்ப்பார், வேறு கடைக்குப் போவார், அது அவர் முடிவு. ஒன்றும் தெரியாமல் "வரும், வரும்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்தான் கோபப்படுவார். கணக்கு ஆறு மாதத்தைத் தாண்டுகிறது என்றால் புதிய பெயர் வாங்குவதை நிறுத்திவிடுவது நேர்மை.

விதிகளைச் சரக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாய் கையில் வந்த பிறகு விதியை மாற்றினால், எவ்வளவு நல்ல விதியாக இருந்தாலும், யாருக்காகவோ மாற்றியதாகத்தான் தோன்றும். திருத்தம் வேண்டுமென்றால் அடுத்த சுற்றிலிருந்து செய்யுங்கள்.

பட்டியல் சரியாக நடக்கிறதா என்று பார்க்க மூன்று தேதிகள் போதும். பெயர் கொடுத்த நாள், செய்தி அனுப்பிய நாள், பணம் வந்த நாள். சுற்று முடிந்ததும் பொது வரிசையில் பாய் கிடைத்தவர்களின் வரிசை எண்களை எழுதிப் பாருங்கள். 3, 11, 19, 40, 46 என்று சிதறிக் கிடந்தால் அங்கே நடந்தது பந்தயம். 1, 2, 4, 5, 7 என்று நெருங்கி வந்தால் வரிசை நடந்திருக்கிறது. விட்டுப்போன 3-க்கும் 6-க்கும் எதிரே ஒரு காரணம் எழுதியிருக்க வேண்டும். நிறம் வேறு, அடுத்த தடவை, பதில் இல்லை என்று ஏதாவது ஒன்று. காரணம் எழுதப்படாத இடைவெளி ஒன்று இருந்தாலும் அந்த ஆளுக்கு இன்றே போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குச் செய்தி போயே இருக்காது. யாராவது வாங்கிய பாயைத் திருப்பித் தந்தால் அதையும் கடையில் தொங்கவிட வேண்டாம், செய்தி போகாமல் விட்டுப்போனவரிடம் முதலில் கேளுங்கள்.